சி.டி.சி. மாறவில்லை, கைக்கு வருவதில் மட்டும் 4,321 ரூபாய் குறைகிறது

கேள்வி: கோவையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. மாதம் 60,000 ரூபாய். டிசம்பர் 23 அன்று மனிதவளத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ‘புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஜனவரி 1 முதல் தங்களின் அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாக உயர்த்தப்படுகிறது. மொத்தச் சம்பளத்தில் மாற்றம் இல்லை. தங்களின் நீண்டகாலச் சேமிப்பும் வரிச் சலுகையும் கூடும்’ என்கிறது கடிதம். ஆனால் இணைப்பைப் பார்த்தால் கைக்கு வருவது 55,679 ரூபாயிலிருந்து 51,358 ரூபாயாகக் குறைகிறது. வீட்டு வாடகையே 11,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒப்புதல் கையெழுத்திட்டு ஒரு வாரத்தில் திருப்பித் தரச் சொல்கிறார்கள். சட்டம் உண்மையிலேயே இப்படிக் குறைக்கச் சொல்கிறதா? கையெழுத்துப் போடலாமா?
– கோவை வாசகி

பதில்:

சகோதரி, நீங்கள் இணைப்பையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இருபது ஆண்டுகள் சம்பளப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இதே போன்ற கடிதங்களை நானே எழுதியிருக்கிறேன். ‘மொத்தத்தில் மாற்றம் இல்லை’ என்ற வரியை முதல் பத்தியில் வைப்போம். எண்களை இணைப்பில் வைப்போம். இணைப்பைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் அந்த ஒருவர்.

குறையும் 4,321 ரூபாய் ஒரே இடத்துக்குப் போகவில்லை. பழைய அமைப்பில் உங்கள் பி.எஃப். பங்கு 15,000-இல் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். நிறுவனத்தின் பங்கும் 1,800. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், இரட்டிப்பானதும் இரண்டும் தலா 3,600 ஆகின்றன. நிறுவனத்தின் பங்கும் உங்கள் 60,000 ரூபாய்க்குள்தான் கணக்கில் நிற்கிறது. ஆகவே கூடுதலாகும் இரண்டு 1,800-ஐயும் உங்கள் கைக்கு வரவேண்டிய பணத்திலிருந்தே எடுக்கிறார்கள். அது 3,600 ரூபாய். மிச்சம் 721 ரூபாய், வேலையிலிருந்து விலகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்காக மாதந்தோறும் காட்டும் தொகை 721-லிருந்து 1,442 ஆக உயர்ந்ததால் வந்தது. சிறப்புப் படி 36,479-லிருந்து 12,958 ஆகச் சுருங்கியிருக்கிறதே, அங்கிருந்துதான் இவ்வளவும் போயிருக்கிறது. பேசிக்கும் வாடகைப் படியும் இரட்டிப்பானதைப் பார்த்து மகிழ்பவர்கள் அந்த வரியைக் கவனிப்பதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. சட்டம் இதைச் சொல்கிறதா? பாதி சொல்கிறது.

2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று மற்ற மூன்று தொகுப்புகளோடு நடைமுறைக்கு வந்தது. அதில் ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கு ஒரே வரையறை கொடுத்தார்கள். அதற்கு முன்பு பி.எஃப்.புக்கு ஒரு வரையறை, கிராஜுவிட்டிக்கு ஒன்று, போனஸுக்கு ஒன்று என்று இருந்தன. புதிய வரையறை வாடகைப் படி, பயணப் படி, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, மிகைநேர ஊதியம், கமிஷன் போன்ற சிலவற்றை ஊதியத்திலிருந்து விலக்குகிறது. அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். நாடெங்கும் பேசப்படும் ‘50 சதவீத விதி’ இதுதான். பேசிக்கைச் சம்பளச் சீட்டில் 50 சதவீதமாக மாற்றி எழுது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கிராஜுவிட்டி போன்ற உரிமைகளைக் கணக்கிடும்போது எந்தத் தொகையை ஊதியமாகக் கொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. பேசிக்கையே பாதியாக்கிவிட்டால் கணக்குப் பார்ப்பது எளிது. பின்னால் ஆய்வாளர் கேள்வி கேட்கவும் இடமிருக்காது. அதனால் நிறுவனங்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. அது நிர்வாக வசதி, தவறும் அல்ல. ஆனால் அதைச் ‘சட்டப்படி’ என்று எழுதும்போது, வசதிக்கும் கட்டாயத்துக்கும் இடையே உள்ள கோடு அழிந்துவிடுகிறது.

பி.எஃப்.பில் அந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. 2014 செப்டம்பர் முதல் கட்டாயச் சந்தாவுக்கான ஊதிய வரம்பு 15,000 ரூபாய். உங்கள் பேசிக் 30,000 ஆனாலும் 50,000 ஆனாலும் சட்டம் கேட்பது 15,000-இன் 12 சதவீதத்தை மட்டுமே. அதாவது நீங்கள் ஏற்கெனவே கட்டிவரும் அதே 1,800. வரம்புக்கு மேல் கட்டுவது விருப்பத்தைப் பொறுத்தது. புதிய தொகுப்புகள் வந்ததும் சம்பளம் குறையும் என்ற பேச்சு பரவியபோது மத்திய தொழிலாளர் அமைச்சகமே 2025 டிசம்பரில் இதை விளக்கியது: வரம்பின்படி பி.எஃப். பிடிக்கப்படும்வரை கைக்கு வரும் சம்பளம் குறையாது.

ஆக, உங்கள் 4,321-இல் 3,600 ரூபாய் சட்டத்தால் வந்ததல்ல; நிறுவனம் எடுத்த முடிவால் வந்தது. பி.எஃப். பங்கை 1,800-இலேயே நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் அவர்கள் எழுதியபடியே வைத்தாலும் கைக்கு 54,958 ரூபாய் வரும். குறைவது கிராஜுவிட்டிக்கான 721 மட்டும்.

இங்கே நிறுவனம் ஒரு பதில் சொல்லக்கூடும். ‘உங்கள் நியமன ஆணையில் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம் என்றுதான் இருக்கிறது, வரம்பைப் பற்றி எதுவும் இல்லை’ என்பார்கள். பேசிக் சரியாக 15,000 ஆக இருந்ததால் இதுவரை இரண்டு கணக்கும் ஒரே எண்ணைத் தந்தன. நீங்கள் எந்த வகை என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனவே முதல் வேலையாக நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். அந்த வாசகம் இருந்தாலும் பேச்சு முடிந்துவிடாது. பி.எஃப். சட்டத்தில் வெகுகாலமாக உள்ள ஒரு விதி, சந்தா கட்டவேண்டிய பொறுப்பைக் காரணம் காட்டி முதலாளி ஊழியரின் ஊதியத்தை நேராகவோ மறைமுகமாகவோ குறைக்கக் கூடாது என்கிறது. சி.டி.சி. என்ற கணக்கு முறையே இந்த விதியின் ஓரத்தில் நடப்பதுதான். வேலைக்குச் சேரும்போதே அதை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டதால் பெரும்பாலும் யாரும் கிளறுவதில்லை. ஆனால் நடுவழியில் நிறுவனம் தானாகவே பேசிக்கை உயர்த்தி, அதனால் கூடிய தன் பங்கை உங்கள் படியில் கழிக்கிறது என்றால் அது வேறு. வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேசும்போது இந்த விதியை நினைவுபடுத்தினால் சம்பளப் பிரிவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கிராஜுவிட்டியின் கதை வேறு, அதில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, முடித்த ஆண்டுகளால் பெருக்குவது கிராஜுவிட்டி. இதில் ‘கடைசியாக வாங்கிய’ என்ற சொல்தான் முக்கியம். நீங்கள் 15,000 பேசிக்கில் உழைத்த ஏழு ஆண்டுகளுக்கும் இனி 30,000-ஐ வைத்தே கணக்கு. டிசம்பரில் விலகியிருந்தால், பேசிக்கை மட்டும் கொண்ட பழைய கணக்கில் 60,577 ரூபாய். ஜனவரியில் விலகினால் 1,21,154 ரூபாய். ஒரே மாதத்தில் இரட்டிப்பு! இனி வரும் ஆண்டுகளுக்கான கூடுதல் செலவைத்தான் மாதம் 721 என்று உங்களிடமிருந்து பிடிக்கிறார்கள். கடந்துபோன ஏழு ஆண்டுகளுக்கான 60,577 ரூபாய் நிறுவனத்தின் கையிலிருந்து போகிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் 2025 டிசம்பர் காலாண்டுக் கணக்கில் புதிய தொகுப்புகளுக்கென்று பெருந்தொகை ஒதுக்கியதற்கு இந்தப் பழைய ஆண்டுகளின் சுமை ஒரு முக்கியக் காரணம். உங்கள் மனிதவளத் துறை இந்த நல்ல செய்தியைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒருவேளை யாரும் உடனே விலகிப்போய் அதைக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். வரையறையின் விலக்குப் பட்டியலில் ‘சிறப்புப் படி’ என்ற பெயர் இல்லை. வேலையின் தன்மையால் ஏற்படும் செலவை ஈடுசெய்யக் கொடுக்கும் தொகை மட்டும் விலக்கு. உங்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் சிறப்புப் படி எந்தச் செலவுக்கும் ஈடு அல்ல. சம்பளத்தின் மிச்சத்தைப் போட்டு வைக்கும் பை அது. அதையும் ஊதியமாக எடுத்துக்கொண்டால் கிராஜுவிட்டிக்கான தொகை 30,000 அல்ல, 42,958. ஏழு ஆண்டுக்கு 1,73,484 ரூபாய் வரும். இந்த வாசிப்பின்படி பழைய அமைப்பிலேயே உங்கள் ஊதியம் பாதியைத் தாண்டித்தான் இருந்தது; பேசிக்கை உயர்த்த வேண்டிய தேவையே எழவில்லை. நிறுவனங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை, ஏனென்றால் விலை அதிகம். ‘எனது கிராஜுவிட்டியை எந்தத் தொகையின் மீது கணக்கிடுவீர்கள்?’ என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு வையுங்கள். இன்று பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்ற தாள் இருக்கட்டும்.

கடிதம் சொல்லும் வரிச் சலுகையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. புதிய வரி முறையில் வாடகைப் படிக்கு விலக்கே கிடையாது. உங்கள் ஆண்டு வருமானத்துக்கு அந்த முறையில் ஏற்கெனவே வரி பூஜ்யம். பழைய முறையில் இருந்தாலும், வாடகைப் படி 6,000-லிருந்து 12,000 ஆனதால் விலக்கும் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம். கட்டும் வாடகையில் பேசிக்கின் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 11,000-இல் 3,000 போக 8,000 ரூபாய்தான் விலக்கு. முன்பு 6,000. அந்த வரியை எழுதியவர் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்து எழுதவில்லை.

சரி, பி.எஃப்.பில் கூடுதலாகப் போவது நல்லதுதானே என்று நிறுவனம் கேட்கும். கேள்வி நியாயமானது. கூடுதலாகும் 3,600 ரூபாயும் முழுவதுமாக உங்கள் கணக்கில்தான் சேரும். நிறுவனப் பங்கிலிருந்து ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் 1,250 ரூபாய் வரம்போடு நிற்கிறது, அது கூடாது. ஆண்டுக்கு 43,200 ரூபாய், 2024–25-இல் வட்டி 8.25 சதவீதம். இதைவிடப் பாதுகாப்பான இடத்தில் இந்த வட்டி கிடைப்பது அரிது. கையில் தாராளம் இருந்தால் நானே ‘விட்டுவிடுங்கள், போகட்டும்’ என்பேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தாராளம் இல்லை. மாதம் 4,000 குறைந்து, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்தோ கடன் அட்டையில் இழுத்தோ சமாளிக்க நேர்ந்தால், ஒரு பக்கம் 8.25 வட்டி வாங்கிக்கொண்டு மறுபக்கம் அதைவிட அதிக வட்டி கட்டுவீர்கள். பி.எஃப். பணத்தை வீடு, மருத்துவம், படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு எடுக்க வழி இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பம் போட்டு எடுக்கும் பணம் சம்பளக் கணக்கில் கிடக்கும் பணமாகிவிடாது.

என் யோசனை இது. கட்டாயப் பங்கை 1,800-இல் நிறுத்தச் சொல்லுங்கள். சேமிக்க முடியும் என்று தோன்றினால் உங்கள் பங்கில் மட்டும் தன்விருப்பச் சந்தாவாக ஆயிரமோ இரண்டாயிரமோ கூட்டிக்கொள்ளுங்கள். அதே கணக்கு, அதே வட்டி. பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் தொகையை மாற்ற விடுகின்றன. பிள்ளைகளின் கட்டணம் கூடும் ஆண்டில் குறைக்கலாம், போனஸ் வந்த ஆண்டில் கூட்டலாம். பேசிக்கோடு கட்டிப்போட்ட 12 சதவீதத்தில் அந்த நெகிழ்வு இல்லை. ஏப்ரலில் பேசிக் ஏறினால் பிடித்தமும் தானாக ஏறும்.

பேசிக் உயர்வதால் இன்னொரு பக்கத்திலும் எண் மாறும். நியமன ஆணையில் நோட்டீஸ் காலச் சம்பளம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். ‘பேசிக்’ என்று இருந்தால், நோட்டீஸ் காலம் முழுவதும் இருக்காமல் விலகும்போது நீங்கள் கட்டவேண்டிய தொகையும் இரட்டிப்பாகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேசிக்கை உயர்த்தியபோது இதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து விலகிய ஓர் இளைஞருக்கு இறுதிக் கணக்கில் நோட்டீஸ் பிடித்தம் இருமடங்காகப் போனது. அவர் என் மேசைக்கு வந்து நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது. கணக்கில் பிழை இல்லை, அதனால் நான் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. விடுப்பைப் பணமாக்குவது பேசிக்கின்படி என்றால் அதில் உங்களுக்கு லாபம். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கையெழுத்தைப் பற்றி. நீங்கள் செய்வது தொழில்நுட்ப வேலை என்றால், பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ‘தொழிலாளி’ வகையில் வரக்கூடும். கீழே ஆட்களை வைத்து மேற்பார்வை செய்வதே முதன்மை வேலை என்றால், இந்தச் சம்பளத்தில் வர மாட்டீர்கள். தொழிலாளி என்றால் ஊதியம், படிகள், முதலாளியின் பி.எஃப். பங்கு ஆகியவற்றை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. டிசம்பர் 23-இல் கடிதம், ஜனவரி 1-இல் நடைமுறை என்பது ஒன்பது நாள். சண்டை போட இதைப் பயன்படுத்த வேண்டாம். அவகாசம் கேட்கப் பயன்படுத்துங்கள். ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சிட்ட இடத்துக்கு மேலே ‘கடிதம் பெற்றுக்கொண்டேன், விளக்கம் கேட்டுத் தனியாக எழுதியுள்ளேன்’ என்று உங்கள் கையால் எழுதித் தேதியோடு கையெழுத்திடுங்கள். பிறகு இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்:

“சம்பள அமைப்பு மாற்றம் குறித்த தங்கள் கடிதம் கிடைத்தது. பேசிக் உயர்வை நான் எதிர்க்கவில்லை. பி.எஃப். பங்கை இப்போதுபோலவே 15,000 ரூபாய் வரம்பின்படி இரு தரப்பிலும் தலா 1,800 ரூபாயாகத் தொடர வேண்டுகிறேன். எனது கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், நோட்டீஸ் காலச் சம்பளம் ஆகியவை புதிய அமைப்பில் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படும் என்பதையும், முந்தைய ஏழு ஆண்டுப் பணிக்கும் அது பொருந்துமா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். பதில் கிடைக்கும்வரை மாற்றத்தை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

மிரட்டல் தொனி வேண்டாம், சட்டப் பிரிவு எண்களும் வேண்டாம். பேசிக் உயர்வை எதிர்க்கவில்லை என்ற வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். பேசிக்கை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் கிராஜுவிட்டி கூடுவது அதனால்தான். உங்களைப் போல 15,000 ரூபாய்ச் சுற்றில் பேசிக் உள்ளவர்கள் அந்தத் தொழிற்சாலையில் பலர் இருப்பார்கள். அவர்களில் நான்கைந்து பேர் இதே மின்னஞ்சலைத் தனித்தனியாக அனுப்பினால், ‘பி.எஃப். வரம்பின்படியா, முழுப் பேசிக்கின்படியா’ என்று தேர்வு செய்யும் ஒரு படிவம் வரும் வாய்ப்பு அதிகம். சில இடங்களில் அப்படித்தான் நடந்தது.

அவர்கள் மறுத்து 3,600 ரூபாயே பிடித்தால், பிப்ரவரி 15-க்குப் பிறகு ஒரு வாரம் பொறுத்து உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஜனவரிச் சந்தாவை நிறுவனம் கட்டவேண்டிய கடைசி நாள் பிப்ரவரி 15. ஊழியர் பங்கு 3,600, நிறுவனப் பங்கு 2,350, ஓய்வூதியத்துக்கு 1,250 என்று மூன்று எண்கள் இருக்க வேண்டும். உங்கள் பங்கு மட்டும் ஏறி, நிறுவனப் பங்கு பழைய 550-இலேயே நின்றால், சி.டி.சி.யில் கழித்த 1,800 ரூபாய் எங்கே போனது என்று அன்றைக்கே கேளுங்கள்.